ஐந்து முறை படித்தும் ஏன் மறக்கிறது?



காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்த வாரத்தில், நம் மாலை வகுப்புக்கு ஒரு தாய் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பிள்ளை பத்தாம் வகுப்பு, தமிழ்வழி. அத்தா ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். "பாய், இவ படிக்கலைன்னு சொல்ல முடியாது. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் புத்தகத்தோடதான் உக்காந்திருக்கா. ஆனா பரீட்சையில ஒண்ணும் வரலை. மண்டையில ஏறலைன்னா எதுக்குக் கஷ்டப்படுத்தணும்? பத்தாவது முடிஞ்சதும் தையல் வகுப்புல சேத்துடலாம்னு அவங்க அத்தா சொல்றாரு" என்றார். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய அறிவியல் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். தாவரங்களின் கடத்துதலும் விலங்குகளின் சுற்றோட்டமும் பற்றிய பாடம். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு. சில பக்கங்களில் கோடு போடாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை முறை படித்தாய் என்று கேட்டதற்கு, "அஞ்சு தடவை சார்" என்றாள். பொய் சொல்லவில்லை என்பது புத்தகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

புத்தகத்தை மூடி ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தோம். "உடம்பிலிருந்து இதயத்துக்கு வரும் ரத்தம் எந்த வழியாகப் போய் மறுபடியும் உடம்புக்குப் போகிறது? தெரிந்ததை எழுது" என்றோம். பத்து நிமிடம் ஆனது. தாளில் ஐந்து பெயர்கள் இருந்தன. வால்வுகள் ஒன்றுகூட இல்லை. நுரையீரல் தமனி நல்ல ரத்தத்தைக் கொண்டுபோகிறது என்று தலைகீழாக எழுதியிருந்தாள். புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டியதும், "இது எனக்குத் தெரியுமே சார்!" என்றாள்.

பிள்ளையின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. பக்கத்தைப் பார்த்தால் தெரிகிறது, பக்கம் இல்லையென்றால் வருவதில்லை. முகத்தைக் கண்டால் அடையாளம் தெரிவதும், ஆள் எதிரில் இல்லாதபோது பெயரை நினைவுக்குக் கொண்டுவருவதும் வேறு வேறு வேலைகள். ஐந்து முறை படித்தபோது அவள் முதல் வேலையை ஐந்து முறை செய்தாள். தேர்வு மண்டபத்தில் கேட்கப்படுவதோ இரண்டாவது வேலை. அதை அவள் வீட்டில் ஒருமுறைகூடச் செய்து பார்க்கவில்லை. மூன்றாம் முறை படிக்கும்போதே வரிகள் பழகிவிடும், கண் சரளமாக ஓடும். அந்தச் சரளத்தை மனம் 'பாடம் வந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறது.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சிறிய பாடப்பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒன்று சூரியனைப் பற்றியது, மற்றொன்று கடல் நீர்நாய்களைப் பற்றியது. ஒரு குழு நான்கு வேளையும் படித்துக்கொண்டே இருந்தது. சராசரியாகப் பதினான்கு முறை அவர்கள் அந்தப் பகுதியைப் படித்து முடித்தார்கள். இன்னொரு குழு முதல் வேளை மட்டும் படித்தது, அதாவது மூன்று முறைக்குச் சற்று மேல். மற்ற மூன்று வேளையும் தாளை மூடிவிட்டு, நினைவில் இருப்பதையெல்லாம் எழுதியது.

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்த குழுவே முன்னால் நின்றது. அவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறிவிட்டது. பதினான்கு முறை படித்தவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம். மூன்று முறை படித்து மூன்று முறை எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் படித்துக்கொண்டே இருந்த குழுவினர்தான். நம் பிள்ளை "இது எனக்குத் தெரியுமே" என்றதும் இதே நம்பிக்கைதான். காலையில் தேர்வு, இரவு முழுக்கப் படிப்பு என்ற வழக்கம் சில வேளை கைகொடுப்பது ஏன் என்பதும் இந்த எண்களில் தெரிகிறது. நாளைக் காலைக்கு அது போதும். மார்ச் மாதத்துக்குப் போதாது.

இதையெல்லாம் அந்தத் தாயிடம் சொன்னபோது அவருக்குப் பிடிபடவில்லை. "உங்கள் பெரிய மகன் ஹிஃப்ழு மதரஸாவில் எப்படிப் பாடம் செய்கிறான்?" என்று கேட்டோம். அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அன்றைய புதுப் பாடத்தை ஹஜ்ரத்திடம் பார்க்காமல் ஓதிக் காட்ட வேண்டும். முந்தைய சில நாட்களின் பாடத்தையும் ஓத வேண்டும். அதற்குமேல், எப்போதோ முடித்த பழைய ஜுஸ்உகளிலிருந்தும் முறைவைத்து ஓத வேண்டும். தடுமாறிய இடத்தில் ஹஜ்ரத் நிறுத்தித் திருத்துவார். முஸ்ஹஃபைப் பார்த்து எத்தனை முறை ஓதினாலும், பார்க்காமல் ஓதிக் காட்டாதவரை பாடம் கொடுத்ததாகக் கணக்கில்லை. ஹாஃபிழாகி வெளியே வந்த பிறகும் ரமளான் நெருங்கினால் தவ்ர் பார்க்காமல் தராவீஹுக்கு நிற்பவர் குறைவு. புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்வது, நாள் இடைவெளி விட்டுத் திரும்ப வருவது, தவறை உடனே திருத்திக்கொள்வது என மூன்றும் அங்கே இருக்கின்றன. ஒரே வீட்டில் அண்ணன் இப்படிப் பாடம் செய்கிறான், தங்கை மஞ்சள் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹிஃப்ழில் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. பள்ளிப் பாடத்தை அப்படி வரிக்கு வரி மனனம் செய்தால், கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டாலும் பிள்ளை நின்றுவிடும். பாடத்தில் வரும் பெயர்களும் வரையறைகளும் சூத்திரங்களும் அப்படியே வர வேண்டும். விளக்கம் பிள்ளையின் சொந்த வார்த்தையில் வந்தாலே போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது.

இனி, அந்தப் பிள்ளையோடு நாங்கள் செய்ததைச் சொல்கிறோம். பாடம் முழுவதையும் எடுக்கவில்லை. இதயத்தின் வழியாக ரத்தம் செல்லும் பாதையை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒருமுறை நிதானமாக, படத்தில் விரல் வைத்துப் படிக்கச் சொன்னோம். மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக உடம்பின் ரத்தம் வலது ஆரிக்கிளுக்கு வருகிறது. மூவிதழ் வால்வைக் கடந்து வலது வெண்ட்ரிக்கிள். அங்கிருந்து நுரையீரல் தமனி வழியாக நுரையீரல். ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு நுரையீரல் சிரைகள் வழியாக இடது ஆரிக்கிள். ஈரிதழ் வால்வைக் கடந்து இடது வெண்ட்ரிக்கிள். அங்கிருந்து பெருந்தமனி வழியாக உடம்பு முழுவதற்கும். இரண்டு பெருஞ்சிரைகளையும் ஒன்றாக எண்ணினால் பெருந்தமனி வரை மொத்தம் பதினோரு நிலையங்கள். வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ் நிற்கும் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்வது போலத்தான்.

பிறகு புத்தகத்தை மூடி, எழுதச் சொன்னோம். பார்த்துவிடலாம் என்ற ஆசை வராமலிருக்க, புத்தகம் எங்கள் மேசையில் இருந்தது. எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவை அவள் கையிலேயே கொடுத்து, புத்தகத்தைப் பார்த்துத் திருத்தச் சொன்னோம். பதினொன்றில் ஏழு வந்திருந்தன. விட்டுப்போனது இரண்டு வால்வுகள், நுரையீரல் சிரை, பெருந்தமனி.

நுரையீரல் தமனியை இந்த முறையும் நல்ல ரத்தம் என்றே எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டோம். "தமனின்னா நல்ல ரத்தம்தானே?" என்றாள். கீழ் வகுப்பிலிருந்து அவளோடு வந்த எண்ணம் அது. தமனி என்ற பெயர் ரத்தத்தின் தரத்தை வைத்து வந்ததில்லை, இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவதால் வந்தது. இதயத்துக்குள் கொண்டுவருவது சிரை. நுரையீரலுக்குப் போகிற ரத்தம் இன்னும் ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ளாதது, ஆனாலும் இதயத்திலிருந்து வெளியே போவதால் அந்தக் குழாய் தமனிதான். இதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. ஐந்து முறை படித்தபோது இந்தத் தவறு கண்ணில் படவே இல்லை. புத்தகத்தில் சரியாகத்தானே எழுதியிருக்கிறது? மூடிவிட்டு எழுதியபோதுதான் அது தாளில் வந்து விழுந்தது.

அன்று முதல் அந்தப் பாடத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் நான்கு தேதிகளை எழுதினோம். மறுநாள், நான்காம் நாள், பதினோராம் நாள், பிறகு ஒரு மாதம் கழித்து ஒரு நாள். அந்தத் தேதி வரும்போது முதலில் வெள்ளைத்தாள், பிறகுதான் புத்தகம். இந்த வரிசை மாறக்கூடாது. 'ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதுகிறேன்' என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்படிச் செய்தால் ஐந்து நிமிடத்துக்கு முன் பார்த்ததைத்தான் எழுதுவார்கள், நான்கு நாளுக்கு முன் படித்தது தங்கியிருக்கிறதா என்பது தெரியாமலே போகும்.

மறுநாள் ஒன்பது வந்தது. நான்காம் நாள் எட்டாகக் குறைந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூவிதழ் வால்வு எந்தப் பக்கம், ஈரிதழ் வால்வு எந்தப் பக்கம் என்று இரண்டையும் மாற்றி எழுதியிருந்தாள். நேற்றுவரை நினைவிலிருந்த நுரையீரல் சிரையையும் காணோம். "பாருங்க, ஏறவே இல்லை" என்று அவள் அம்மாவும் சொன்னார். பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி படிக்க ஆரம்பிக்கிறார்கள். ஆனால் இந்த இடைவெளியை விடுவதே, கொஞ்சம் மறக்கட்டும் என்றுதான். பாதி மறந்ததை முயன்று மீட்டெடுக்கும்போது அது முன்னைவிட ஆழமாகப் பதிகிறது. எல்லாம் சுலபமாக நினைவுக்கு வருகிற நேரத்தில் திரும்ப எழுதினால் அதில் கிடைப்பது கொஞ்சம்தான். நான்காம் நாள் ஒன்று குறைந்ததைத் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை. திருத்தாமல் விடுவதுதான் தோல்வி.

அதற்காக இடைவெளியை இஷ்டம்போல் நீட்டவும் முடியாது. பதினொன்றில் இரண்டோ மூன்றோ மட்டும் வருகிறது என்றால் அங்கே மீட்டெடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அப்போது ஒருமுறை படித்துவிட்டு, மறுநாளிலிருந்து தேதிகளைப் புதிதாகத் தொடங்க வேண்டும். பாதிக்கு மேல் வந்தால் இடைவெளி சரி. முழுவதும் தடையில்லாமல் வந்தால் அடுத்த தேதியை இன்னும் தள்ளிப் போடலாம். பிள்ளையின் தாளே இதைச் சொல்லிவிடும்.

எவ்வளவு தள்ளலாம் என்பது தேர்வு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2008-ல் ஆயிரத்து முந்நூறு பேருக்கு மேல் வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் தேர்வு என்றால் முதல் படிப்புக்கும் திருப்புதலுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு நாள் இடைவெளி நல்ல பலன் தந்தது. ஒரு மாதத்துக்குச் சற்று மேல் என்றால் பத்துப் பதினோரு நாள். பத்து வாரம் என்றால் மூன்று வாரம். அவர்கள் ஒரே ஒரு திருப்புதலை வைத்துப் பார்த்தது இது. நாங்கள் நான்கு தேதி போடுவதால் முதல் தேதிகளை நெருக்கமாக வைத்து, போகப்போக விரிக்கிறோம். ஒரு நாள் முன்பின் ஆனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. அந்தப் பிள்ளையின் அத்தா இரவு ஷிப்டில் இருந்த வாரத்தில் பதினோராம் நாள் பதின்மூன்றாம் நாளாகிவிட்டது. பரவாயில்லை, பத்து வந்தது.

எல்லாப் பாடத்துக்கும் இப்படிப் பாதை இருக்காதே என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். அங்கே கேள்விகளாக்கிக்கொள்ள வேண்டும். முதல் முறை படிக்கும்போது கோடு போடுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வியை எழுதச் சொல்லுங்கள். இதே பாடத்தில் 'லப்' 'டப்' என்ற இதய ஒலி வருகிறது. கோடு போடுகிற பிள்ளை அந்த வரியையே மஞ்சளாக்கும். கேள்வி எழுதுகிற பிள்ளை 'லப் ஒலி எந்த வால்வுகள் மூடும்போது வருகிறது? டப் எப்போது?' என்று எழுதும். திரும்ப வரும் நாளில் பாடத்தை ஒரு தாளால் மறைத்து, ஓரத்துக் கேள்விகளை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். முதலாவது மூவிதழ், ஈரிதழ் வால்வுகள் மூடும் ஒலி. இரண்டாவது பெருந்தமனி, நுரையீரல் தமனி இவற்றின் அடியிலுள்ள அரைச்சந்திர வால்வுகள் மூடும் ஒலி. கேள்வி 'இதய ஒலி என்றால் என்ன?' என்று பொத்தாம்பொதுவாக இருந்தால் பதிலும் அப்படித்தான் வரும். கணக்குக்குக் கேள்வி எழுத வேண்டாம். எடுத்துக்காட்டுக் கணக்கின் விடையை மறைத்துவிட்டுப் போட்டுப் பார்ப்பதே போதும்.

ஒன்று மட்டும் முன்னதாகவே வேண்டும். புரியாத பாடத்துக்கு இந்த முறை உதவாது. தமனி என்றால் என்ன என்று தெரியாத பிள்ளை தவறையே நான்கு தேதியிலும் எழுதி, தவறையே உறுதியாக்கிக்கொள்ளும். ஒரே தவறு இரண்டு தாளில் தொடர்ந்து வந்தால் அதை மறதி என்று நினைக்காதீர்கள், புரியவில்லை என்று பொருள். அங்கே தாளை நிறுத்திவிட்டு ஆசிரியரிடம் கேட்க அனுப்புங்கள். நம் மாலை வகுப்புக்கும் அனுப்பலாம்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் எப்படிப் பார்ப்பது?" என்று கேட்கும் தாய்மார்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். பாடம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. தேதியன்று புத்தகத்தை வாங்கி உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத்தாளைக் கொடுங்கள். எழுதி முடிக்கும்வரை புத்தகத்தைத் தராதீர்கள். முடித்ததும் கொடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தியதைக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பே இல்லாத தாள் முதல் வாரத்திலேயே வந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம். ஷிப்ட் முடிந்து வரும் அத்தாமார்களுக்குச் சாப்பிடும் நேரம் போதும். ஓரத்துக் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்துக் கேளுங்கள், பிள்ளை பதில் சொல்லட்டும். தெரியவில்லை என்றால் உடனே சொல்லிக் கொடுத்துவிடாமல் சற்றுப் பொறுங்கள். அந்த யோசிக்கும் நேரத்தில்தான் வேலை நடக்கிறது.

நேரம் அதிகமாகுமே என்ற கவலை வேண்டாம். அந்தப் பாதையை எழுதித் திருத்த முதல் நாள் இருபது நிமிடம் ஆனது. ஒரு மாதம் கழித்து வந்த தேதியில் ஆறு நிமிடம். இப்போது அவளுடைய புத்தகங்களில் பாதிப் பாடங்களின் முதல் பக்கத்தில் தேதிகள் இருக்கின்றன. எல்லாப் பாடத்தையும் ஒரே நாளில் தொடங்கினால் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும் என்பதால் வாரத்துக்கு மூன்று பாடம் என்று வைத்திருக்கிறோம். இன்றுவரை ஒரு நாளைக்கு நான்கு தாளுக்கு மேல் வந்ததில்லை. பன்னிரண்டு மணி வரை விழிப்பதும் நின்றுவிட்டது.

ஒரு மாதம் கழித்து எழுதிய அந்தத் தாளில் பதினொன்றும் இருந்தன. நுரையீரல் தமனிக்குப் பக்கத்தில், யாரும் சொல்லாமலே, 'ஆக்சிஜன் இல்லாத ரத்தம், ஆனாலும் தமனி' என்று எழுதியிருந்தாள். தையல் வகுப்புப் பேச்சு இன்னும் வீட்டில் முடியவில்லை. அரையாண்டுத் தேர்வு வரட்டும் என்று அவள் அத்தா சொல்லியிருக்கிறார். அந்தத் தாளை அவரிடம் காட்டச் சொல்லி அவளிடமே கொடுத்தனுப்பினோம்.